பக்கத்துப் பிக்சலின் பங்கைக் கழித்தால்

புகைப்படத்தில் அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களின் வெளிச்சம் பெரும்பாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வானத்தில் ஒரு பிக்சல் பளிச்சென்றிருந்தால் பக்கத்ததும் அப்படித்தான். ஒன்றைத் தெரிந்துகொண்டபின் மற்றது புதிதாகச் சொல்வது கொஞ்சமே. இந்த ஒட்டுறவை நீக்கி, எல்லா அளவுகளையும் ஒரே வீச்சுக்குக் கொண்டுவரும் கணக்குக்கு வெண்மையாக்கல் என்று பெயர். எல்லா அதிர்வெண்களும் சம வலுவில் கலந்த ‘வெள்ளை இரைச்சல்’ இந்தப் பெயருக்கு மூலம்.

பல படங்களிலிருந்து இத்தகைய பிக்சல் இணைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்துவிட்டதாகக் கொள்வோம். இரண்டு பிக்சல்களின் மாறுபாடும் 5, அவற்றுக்கிடையே உடன்மாறுபாடு 4 என்றால் உடன்மாறுபாட்டு அணி இப்படி அமையும்:

```
5  4
4  5
```

திட்டவிலக்கத்தால் வகுத்தால் மட்டும் போதாது. வீச்சு சமமாகும், ஆனால் 4/5, அதாவது 0.8 என்ற ஒட்டுறவு அப்படியே நிற்கும். புள்ளிகளை வரைபடத்தில் குறித்தால் சாய்ந்து நீண்ட ஒரு நீள்வட்டம் தெரியும். அதன் இரண்டு அச்சுகளைக் கண்டுபிடித்துத் தருவதுதான் ஐகென் பகுப்பு. இங்கே ஒரு திசை (1, 1), அதன் ஐகென் மதிப்பு 9. மற்றது (1, −1), அதன் மதிப்பு 1. முதல் திசை இரு பிக்சல்களும் சேர்ந்து ஏறி இறங்குவதையும், இரண்டாவது அவற்றின் வேறுபாட்டையும் காட்டுகின்றன.

ஐகென் மதிப்பு என்பது அந்தத் திசையிலுள்ள மாறுபாடு. எனவே தரவை இந்த அச்சுகளுக்குத் திருப்பி, முதல் திசையை √9 = 3 ஆலும் இரண்டாவதை 1 ஆலும் வகுத்தால் நீள்வட்டம் வட்டமாகிவிடும். (3, 3) என்ற புள்ளி மையத்திலிருந்து 4.24 தொலைவிலும் (1, −1) என்பது 1.41 தொலைவிலும் இருந்தன. இப்போது இரண்டுமே 1.41 தொலைவில் நிற்கின்றன. இணைந்து ஏறுவது சாதாரணம், எதிரெதிராக விலகுவது அரிது என்பதைக் கணக்கு மதித்திருக்கிறது.

தரவைப் பழைய அச்சுகளுக்கே திருப்பிக் கொண்டுவரவும் செய்யலாம். அப்போது கிடைக்கும் அணி:

```
 2/3  -1/3
-1/3   2/3
```

தன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிக்சலின் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கிறது. அழகான முடிவு இது: பரந்த வானம் மங்கிப்போய், கூரையின் விளிம்பு எடுப்பாகத் தெரியும்.

ஆபத்து சிறிய ஐகென் மதிப்புகளில் இருக்கிறது. ஒரு திசையின் மதிப்பு 0.0001 என்றால் 0.01 ஆல் வகுக்க வேண்டும். அங்கிருக்கும் கேமரா இரைச்சல் 100 மடங்காகும். படம் முழுதும் பொரிப் பொரியாகத் தெரிந்தால் இதுவே காரணம். மாதிரிகளின் எண்ணிக்கை பிக்சல்களின் எண்ணிக்கையைவிடக் குறைந்தாலோ சில மதிப்புகள் பூஜ்யமாகி, வகுக்கவே முடியாது. அதற்காக, வர்க்கமூலம் எடுக்குமுன் எல்லா மதிப்புகளோடும் 0.01 போன்ற ஒரு சிறு எண்ணைக் கூட்டுவார்கள். மேற்சொன்ன 100 மடங்கு அப்போது சுமார் 10 ஆகச் சுருங்கும். பெரிய மதிப்புகள் அசையமாட்டா. சிறிய திசைகளின் வீச்சு மட்டும் 1-ஐ எட்டாமல் நின்றுவிடும்.

புதிதாக வரும் படத்துக்கும் பழைய படங்களில் கண்ட அதே சராசரியையும் அதே அணியையும்தான் பயன்படுத்த வேண்டும். புதியதற்குத் தனியாகக் கணக்கிட்டால், இரண்டும் வெவ்வேறு அளவுகோலில் அளந்த எண்களாகிவிடும்.