அத்தையின் தங்கமும் ஒரு செங்கோண முக்கோணமும்

"பங்குல போட்டா ராத்திரி தூக்கம் வராது. தங்கம்னா பீரோவுல கிடக்கும், நான் பாட்டுக்கு இருப்பேன்" என்பார் என் அத்தை. கையில் பணம் சேரும்போதெல்லாம் தங்கக் காசு வாங்கி வைப்பவர். அவருடைய பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008-ல் நிஃப்டி குறியீடு ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்புதான். ஆனால் ஏற்ற இறக்கத்துக்குப் பயந்து தங்கத்தை மட்டும் வைத்திருப்பவர், கொஞ்சம் பங்கையும் சேர்த்துக்கொண்டால் அந்த ஏற்ற இறக்கமே குறையும். கேட்க நம்ப முடியாது. அதனால் ஒரு தாளை எடுத்துப் போட்டே பார்த்துவிடலாம்.

நான்கு ஆண்டுகளை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. பங்கு முதல் ஆண்டில் 32 சதவீதம் ஏறுகிறது, இரண்டாம் ஆண்டில் 8 சதவீதம் இறங்குகிறது, மூன்றாம் ஆண்டில் மறுபடி 32 ஏற்றம், நான்காம் ஆண்டில் 8 இறக்கம். சராசரி 12 சதவீதம். தங்கம் முதல் இரண்டு ஆண்டுகளும் 23 சதவீதம் ஏறுகிறது, அடுத்த இரண்டு ஆண்டுகளும் 7 சதவீதம் இறங்குகிறது. சராசரி 8 சதவீதம்.

இனி பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கம். ஒவ்வோர் ஆண்டும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று பார்த்து, அந்தத் தூரங்களை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். பங்கு ஒவ்வோர் ஆண்டும் தன் சராசரியான 12-லிருந்து சரியாக 20 புள்ளி மேலேயோ கீழேயோ நிற்பதால் அதன் திட்ட விலக்கம் 20. தங்கத்துக்கு அதே வழியில் 15. முதலீட்டு உலகில் ஆபத்து என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் என்ன ஆகும்? முதல் ஆண்டு 32-க்கும் 23-க்கும் நடுவே, 27.5 சதவீதம். இரண்டாம் ஆண்டு பங்கு 8 இறங்க, தங்கம் 23 ஏற, கையில் நிற்பது 7.5. மூன்றாம் ஆண்டு 12.5. நான்காம் ஆண்டு இரண்டுமே இறங்குகின்றன, 7.5 நஷ்டம். சராசரி 10 சதவீதம். 12-க்கும் 8-க்கும் நட்ட நடுவில் வருவதால் இதில் வியப்பில்லை.

திட்ட விலக்கமும் 20-க்கும் 15-க்கும் நடுவில் 17.5 ஆகத்தானே இருக்க வேண்டும்? போட்டுப் பார்த்தால் 12.5 வருகிறது. பங்கைவிட மட்டுமல்ல, தனித் தங்கத்தைவிடவும் குறைவு. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று இரண்டு முறை அழித்து எழுதினேன்.

காரணத்தை ஒரு படமாகப் பார்த்தால் விளங்கிவிடும். பாதிப் பணம் பங்கில் இருப்பதால் அதன் 20-ல் பாதி, 10 நம்மிடம் வருகிறது. தங்கத்தின் 15-ல் பாதி, 7.5. வாசலிலிருந்து கிழக்கே 10 அடி நடந்து, வடக்கே திரும்பி 7.5 அடி நடந்தால், நடந்தது 17.5 அடி. ஆனால் வாசலுக்கும் நமக்கும் உள்ள தூரம் 12.5 அடிதான், செங்கோண முக்கோணத்தின் கர்ணம். பிதாகரஸ் தேற்றம் அப்படியே இங்கே வேலை செய்கிறது.

அந்தத் திருப்பத்தின் கோணத்தைத் தீர்மானிப்பது ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்பதன் அளவு. நம் நான்கு ஆண்டுகளில் பங்கு ஏறியபோது தங்கம் ஒருமுறை ஏறியது, ஒருமுறை இறங்கியது. பங்கு இறங்கியபோதும் அப்படியே. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்ல முடியாது. கெழு பூஜ்யம், அதனால் செங்கோணம். கெழு 1 என்றால் திரும்பாமல் நேரே நடப்பது போல, முழு 17.5. கெழு -1 என்றால் போன வழியே திரும்பி வருவது, மிஞ்சுவது 2.5. தங்கத்துக்குப் பதில் அதே 15 விலக்கமுள்ள, முதல் பங்கோடு 0.8 அளவுக்குச் சேர்ந்து ஆடுகிற இன்னொரு பங்கை வாங்கினால் 16.6 வரும். இரண்டு வங்கிப் பங்குகளை வாங்கிவிட்டுப் பிரித்துப் போட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களின் நிலை ஏறக்குறைய இதுதான்.

பிரித்துப் போட வேண்டும் என்பது வியாபாரிகளுக்கு எக்காலத்திலும் தெரியும். எவ்வளவு பிரித்தால் எவ்வளவு குறையும் என்று கணக்காக்கியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952-ல் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு 24 வயது. 1990-ல் பொருளாதார நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

அவர் வழியில் போனால் விலக்கம் மிகக் குறையும் இடத்தையும் கண்டுபிடிக்கலாம். நம் எண்களுக்கு அது பங்கில் 36, தங்கத்தில் 64 சதவீதம். விலக்கம் 12-க்கு இறங்குகிறது, சராசரி லாபம் 9.44. அத்தை முழுவதையும் தங்கத்தில் வைத்தால் 8 சதவீத லாபத்துக்கு 15 விலக்கம். அவர் பயப்படுகிற பொருளைச் சேர்த்ததால் லாபம் கூடி, ஆட்டம் குறைந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. நான்காம் ஆண்டில் இந்தக் கலவைக்கும் 7.36 சதவீத நஷ்டம் உண்டு. அது தனித் தங்கத்தின் 7-ஐவிடச் சற்றே அதிகம். இரண்டும் சேர்ந்து விழும் ஆண்டைக் கலவையால் தடுக்க முடியாது. தங்கம் மட்டும் வைத்திருந்தால் நான்கில் இரண்டு ஆண்டுகள் நஷ்டம், கலவையில் ஒன்று.

நிஜத்தில் தங்கமும் நம் பங்குச் சந்தையும் சேர்ந்து ஆடாததற்குக் காரணம் உண்டு. நெருக்கடியில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று டாலராக்கிக்கொண்டு போகிறார்கள். ரூபாய் மதிப்பு சரிகிறது. இங்கே விற்கும் தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால், உலகச் சந்தையில் விலை அசையாவிட்டாலும் நம் கடையில் ஏறுகிறது. 2008-ல் பங்குகள் சரிந்தபோது ரூபாயில் தங்கம் ஏறித்தான் நின்றது. ஆனால் இது எழுதி வைத்த விதியல்ல. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் ரொக்கம் தேடியவர்கள் தங்கத்தையும் விற்றதால், சில நாட்கள் இரண்டும் ஒன்றாக விழுந்தன. கெழு மாறக்கூடியது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் முதலிலேயே போய்விடும் என்பதால், இந்தக் கணக்கு காசுக்கும் தங்க ஈடிஎஃப்புக்கும்தான் பொருந்தும்.

உங்கள் முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்பதை நீங்களே பார்க்கலாம். ஐந்தாண்டுகளின் மாதாந்திர ஏற்ற இறக்கச் சதவீதங்களை எக்செல்லில் இரண்டு நிரல்களாக இட்டு, இப்படிக் கொடுத்தால் போதும்:

```
=CORREL(B2:B61,C2:C61)
```

பலர் தவறுவது இங்கேதான். சதவீதத்துக்குப் பதில் விலைகளையே போட்டுவிடுகிறார்கள். நீண்ட காலத்தில் இரண்டு விலையும் ஏறியிருந்தால் கெழு பெரும்பாலும் 0.9-ஐ ஒட்டி வந்து, பிரித்ததில் பயனே இல்லை என்று தோன்றிவிடும்.

மேலே போட்ட கணக்கில் சொல்லாமல் விட்ட ஒரு வேலையும் இருக்கிறது. ஒரு லட்சத்தைப் பாதிப் பாதியாகப் போட்டிருந்தால் முதல் ஆண்டு முடிவில் பங்கு 66,000 ரூபாய், தங்கம் 61,500 ரூபாய். பாதி என்ற அளவு கலைந்துவிட்டது. 2,250 ரூபாயைப் பங்கிலிருந்து எடுத்துத் தங்கத்தில் போட்டால்தான் இரண்டாம் ஆண்டின் 7.5 சதவீதம் சரியாக வரும். ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது. ஏறிக்கொண்டிருப்பதை விற்க மனசு வராமல் விட்டுவிட்டால், காலப்போக்கில் பங்கு முக்கால்வாசியைப் பிடித்துவிடக்கூடும். அப்போது விலக்கம் 12.5 அல்ல, 15.5. தங்கத்தை மட்டும் வைத்திருந்தபோது இருந்ததைவிட அதிகம்.