நடுமடிப்பில் புதையும் எழுத்துகள்

தடித்த நாவலை விரித்தால் இடப்பக்க வரிகளின் கடைசி எழுத்து நடுமடிப்புக்குள் புதைந்துவிடுகிறதா? உள் ஓரத்தில் போதிய இடம் விடாததுதான் காரணம். பசையால் ஒட்டிய பைண்டிங் முழுதாக விரியாது. தாள் வளைந்து உள்ளே இறங்கிவிடும். டெமி அளவில் 100 பக்க நூலுக்கு 15 மில்லிமீட்டர் உள் ஓரம் போதும். 500 பக்கம் என்றால் 20க்கு மேல் விடுவதே நல்லது.

கணினித் திரையில் இந்தக் குறை தெரியாது. ஒரு பக்கத்தை அச்செடுத்து, அதே தடிமனுள்ள பழைய புத்தகத்தின் நடுவில் மடிப்பு வரை செருகிப் படித்துப் பாருங்கள்.

பக்க எண்ணை வெளி ஓரமாக வைத்தால் புரட்டும்போதே கண்ணில் படும். அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் மட்டும் உச்சியில் ஓடும் நூல் பெயரை எடுத்துவிடலாம். அத்தியாயத் தலைப்பே அங்கே போதும்.

பதிப்பாளர்களே, தாளை மிச்சம் பிடிக்க உள் ஓரத்தில் கைவைக்காதீர்கள்.