உயில் இருக்கிறது; சாட்சி இருக்கிறாரா?

மயிலாப்பூரில் குடியிருக்கும் ஒருவர், மதுரையில் உள்ள நிலத்தைத் தன் மகளுக்கு எழுதிவைக்கிறார். மதுரையில் வாழும் இன்னொருவர், அங்கேயே உள்ள வீட்டைத் தன் மகனுக்கு எழுதுகிறார். இருவரும் இந்துக்கள், இருவருடைய உயிலிலும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டாக முதல் உயிலுக்கு ஒரு சட்டமும் இரண்டாவதற்கு வேறொரு சட்டமும் இருந்தன. மயிலாப்பூர்க்காரரின் மகள் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்காமல் அந்த உயிலைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் உரிமை கோர முடியாது. மதுரைக்காரரின் மகனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புரொபேட் என்பது, இந்த உயில் உண்மையானது, சட்டப்படி எழுதப்பட்டது, இதுவே இறந்தவரின் கடைசி உயில் என்று நீதிமன்றம் விசாரித்து முத்திரையிட்டுத் தரும் உத்தரவு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம் என்று உயிலிலேயே பெயர் குறித்திருந்தால், அந்த எக்சிகியூட்டருக்கு இது கிடைக்கும். பெயர் குறிக்கவில்லை என்றால், சொத்தைப் பெறுபவர் உயிலை இணைத்து 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' கேட்க வேண்டும். பெயர் வேறானாலும் உயிலை நிரூபிக்கும் வேலை ஒன்றுதான்.

இந்த ஊர் வேறுபாட்டுக்கு வேர் 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-க்குப் பிறகு வங்காளத்திலோ, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் மூல உரிமையியல் எல்லைக்குள்ளோ எழுதப்படும் உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றி வெளியே எழுதப்படும் உயில்களுக்கும் அது தனி விதி வகுத்தது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதை 57, 213 ஆகிய பிரிவுகளில் அப்படியே எடுத்துக்கொண்டது. எனவே பார்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உயில் எங்கே எழுதப்பட்டது, சொத்து எங்கே இருக்கிறது? இரண்டில் ஒன்றுக்குச் சென்னை என்று பதில் வந்தாலும் இந்து, பௌத்த, சீக்கிய, சமணக் குடும்பங்களுக்குப் புரொபேட் கட்டாயம். இங்கே சென்னை என்பது உயர் நீதிமன்றத்தின் மூல எல்லை. பேச்சுவழக்கில் சென்னையாகிவிட்ட தாம்பரம் அதற்குள் வராது. முஸ்லிம்களுக்கு 213-ஆம் பிரிவு பொருந்தாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கிடைத்தது.

இப்போது அந்தக் கட்டாயமே போய்விட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213-ஆம் பிரிவை எடுத்துவிட்டது. 'இனிமேல் புரொபேட் வேண்டாம்' என்று பலர் இதற்குப் பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கியது கட்டாயம் மட்டுமே. உயில் உண்மையென்று நிரூபிக்கும் சுமை, அதை நம்பி உரிமை கோருபவர் தோளிலேயே இருக்கிறது. புரொபேட் வாங்காதவர் அந்தச் சுமையை இறக்கிவைக்கவில்லை, தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போடுவதன் விலை என்ன என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

மாம்பலத்தில் சுயசம்பாத்தியமாக வாங்கிய ஒரு வீடு. மனைவியை இழந்த அப்பாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்ட இளைய மகனுக்கு முழு வீட்டையும் 2004-இல் எழுதிவைத்து, உயிலைப் பதிவும் செய்கிறார். குடும்ப டாக்டரும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சாட்சிகள். 2010-இல் அப்பா காலமாகிறார். இளைய மகன் உயிலைப் பீரோவில் வைத்துவிட்டு, சொத்து வரியையும் மின் இணைப்பையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். அண்ணனும் அக்காவும் எதுவும் சொல்லவில்லை. வக்கீல் ஒருவர் புரொபேட் பற்றிச் சொன்னபோது, "பதிவான உயில்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று விட்டுவிடுகிறார். நீதிமன்றக் கட்டணமும் அலைச்சலும் மிச்சம்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து வீட்டை விற்க ஆள் வருகிறது. வாங்குபவர் கடன் கேட்ட வங்கியின் பேனல் வக்கீல், தாய்ப்பத்திரம் அப்பா பெயரில் இருப்பதைப் பார்த்து, இடையில் உரிமை எப்படி மாறியது என்று கேட்கிறார். சொத்து வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் பயன்படவில்லை. அவை வரியை யாரிடம் வசூலிப்பது என்பதற்கான பதிவுகள், உரிமையைத் தருபவை அல்ல. "புரொபேட் இருக்கிறதா? இல்லையென்றால் அண்ணனும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும்" என்கிறார் வக்கீல். வீட்டின் இன்றைய விலை தெரிந்த அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் உயில்தான் தம்பியின் ஒரே கேடயம்.

பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது அந்தக் கேடயத்தைத் தூக்கவே முடியாது. வழக்குப் போட்டவர் மட்டுமல்ல, எதிர்வாதியாக நிற்பவரும் புரொபேட் இல்லாமல் உயிலின் பேரில் உரிமையை நிலைநாட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லிவிட்டது. இன்று உயிலை முன்வைக்கலாம். ஆனால் எதிர்ப்பு எழுந்தால் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைத் தான் பார்த்ததாகவும், அவர் முன்னிலையில் தானும் கையெழுத்திட்டதாகவும் அவர் சொல்ல வேண்டும். நம் கதையில் டாக்டர் இறந்துவிட்டார். தலைமையாசிரியருக்கு நினைவு தப்பிவிட்டது.

சாட்சிகள் இல்லை என்பதாலேயே வழக்கு தோற்றுவிடாது. சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் தெரிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. டாக்டரின் மகன் வந்து "இது அப்பா கையெழுத்து" என்று சொல்லலாம். ஆனால் அப்பா அன்று தெளிவாக இருந்தாரா, உயிலைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டாரா என்ற கேள்விக்கு அந்த மகனிடம் பதில் இருக்காது. அக்காவின் வக்கீல் கேட்கப்போவதும் அதைத்தான்.

உயில் பழசாகிவிட்டதால் தானாக நம்பப்படும் என்ற நினைப்பும் உண்டு. முப்பது ஆண்டு கடந்த பத்திரங்களின் கையெழுத்தை உண்மையெனக் கொள்ளலாம் என்ற சாட்சியச் சட்ட விதியிலிருந்து வந்த நினைப்பு அது. அந்தச் சலுகை உயிலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2023-இலும் சொல்லியிருக்கிறது. பதிவும் அப்படித்தான். உயிலைப் பதிவு செய்வது விருப்பத்துக்கு உட்பட்டது. செய்தால் ஓரளவு பலம் சேரும், ஆனால் சாட்சி விசாரணையிலிருந்து விலக்கு கிடைக்காது.

சந்தேகம் எந்த இடத்தில் எழும் என்பதற்கு 1959-ஆம் ஆண்டின் வெங்கடாசல ஐயங்கார் வழக்கு இன்றும் அளவுகோல். பழைய மைசூர்ப் பகுதியில் ஒரு பெண்மணியின் உயிலைத் தயாரிப்பதில் முன்னின்றவரின் மகன்களுக்கே அந்த உயிலால் கணிசமான பலன் கிடைத்தது. கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, சந்தேகத்துக்கு இடமான சூழல்களை உயிலை முன்வைப்பவர்தான் விளக்கி அகற்ற வேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் அந்த உயிலை ஏற்க மறுத்தது. பிள்ளைகளில் ஒருவருக்கே எல்லாமும் போவது, மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று ஒரு வரிகூட எழுதாதது, நடுங்கிய கையெழுத்து ஆகியவையும் இப்படிக் கேள்வி எழுப்பும். உயிலை ஆண்டுக்கணக்கில் வெளியே காட்டாமல் வைத்திருந்ததும் அந்தப் பட்டியலில் சேரும். நம் இளைய மகன் பதினைந்து ஆண்டு மௌனத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உயில் நிற்காவிட்டால் முழு வீட்டுக்குப் பதில் அவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு.

2010-இலேயே அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரமும் மதிப்பும், டாக்டரின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றுடன் அசல் மனு தாக்கலாகியிருக்கும். அண்ணனுக்கும் அக்காவுக்கும் அறிவிப்பு போய், பத்திரிகையிலும் விளம்பரம் வந்திருக்கும். அவர்கள் சம்மதம் தெரிவித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். கேவியட் போட்டு எதிர்த்திருந்தால், மனு வழக்காக மாறி முழு விசாரணை நடந்திருக்கும். அப்படியே எதிர்த்திருந்தாலும் டாக்டர் அப்போது உயிரோடு இருந்தார், நடந்ததை நேரில் பார்த்தவராகக் கூண்டில் நின்றிருப்பார்.

புரொபேட் கிடைத்த பிறகு அது வழக்காடியவர்களை மட்டுமல்ல, உலகத்தையே கட்டுப்படுத்தும் தீர்ப்பு. மங்களூரில் 1960-இல் வழங்கப்பட்ட ஒரு புரொபேட்டை ரத்து செய்யக் கோரி, அப்போது சிறுமியாக இருந்த மகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நீதிமன்றம் போனார். வயது வந்த பிறகு மூன்று ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. காலம் அங்கே புரொபேட் வைத்திருந்தவருக்குத் துணை நின்றது. மாம்பலத்தில் அதே காலம் எதிராகத் திரும்புகிறது.

புரொபேட்டால் ஆகாததும் ஒன்று உண்டு. உயில் உண்மையா என்று பார்க்கும் நீதிமன்றம், வீடு உண்மையிலேயே அப்பாவுக்குச் சொந்தமா, அது பூர்வீகச் சொத்தா என்ற கேள்விக்குள் போகாது. அதற்கு உரிமையியல் வழக்குத்தான் வழி. அதேபோல, அறிவிப்பு போக வேண்டிய வாரிசு ஒருவரை மறைத்து வாங்கிய புரொபேட் ரத்தாகக்கூடும்.

தாமதமானவர்களுக்குக் கதவு முழுதாக மூடிவிடவில்லை. புரொபேட் மனுவுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. ஆனால் அது இறந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடாது, மனு போட வேண்டிய தேவை எழும்போதே அந்த உரிமை பிறக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் விளக்கியது. காலம் கடந்து வருபவர் காரணம் சொல்ல வேண்டும், அதை நீதிமன்றம் ஏற்கலாம். 213-ஆம் பிரிவை நீக்கிய சட்டத்தில், ஏற்கெனவே நடந்தவற்றின் விளைவைத் தொடாத காப்பு விதியும் இருக்கிறது. எனவே பழைய உயில்களை நம்பி வாங்குபவர்களின் வக்கீல்கள் புரொபேட் கேட்பதை உடனே நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லா வாரிசுகளும் வயது வந்தவர்களாக இருந்து, உயிலை ஒப்புக்கொண்டு, பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமோ எழுதித் தர முன்வந்தால் புரொபேட் இல்லாமலேயே விற்பனை நடக்கும். ஒருவர் மறுத்தாலும், ஒருவர் மைனராக இருந்தாலும், ஒருவர் இருக்கும் இடமே தெரியாவிட்டாலும் அந்த வழி அடைபடும். அப்போது முதலில் செய்ய வேண்டியது, உயிலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து இரண்டு சாட்சிகளும் இன்று எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது என்று விசாரிப்பது. அவர்களில் ஒருவர் எண்பதைத் தாண்டியிருந்தால் மனுவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க வேண்டாம்.