பட்டப்பகலில் சர்வரை அணைக்கும் குரங்கு

2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் பழுதானது. அன்று அதன் முக்கியத் தொழில், சந்தாதாரர்களுக்குத் தபாலில் டிவிடி அனுப்புவது. மூன்று நாட்களுக்கு ஒரு டிவிடிகூட வெளியே போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நம்பி வைத்திருந்ததால் வந்த வினை அது. அதன் பிறகே நிறுவனம் தன் வேலைகளை அமேசானின் வாடகை சர்வர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தொடங்கியது.

அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. வாடகை சர்வர்கள் எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகலாம். அதற்குப் பொறியாளர்கள் எழுதிய மருந்துதான் ‘கேயாஸ் மங்க்கி’ என்ற சிறிய நிரல். இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து அது அணைத்துவிடும். அதுவும் வார நாட்களில், அலுவலக நேரத்தில். ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஆட்கள் இருக்கைகளில் இருக்கும் நேரம் அதுதான். நள்ளிரவில் தானாக வர வேண்டிய கோளாறு, காலை பதினொரு மணிக்கே வந்துவிடுகிறது.

வழக்கமான கோளாறுச் சோதனையும் ஏதோ ஒன்றை உடைத்துத்தான் பார்க்கிறது. ஆனால் அங்கே கேள்வியும் தெரியும், விடையும் தெரியும். ‘இந்தச் சேவை பிழை என்று பதில் தந்தால், அந்தத் திரை இப்படி மாற வேண்டும்’ என்று முன்கூட்டியே எழுதிவைத்து, தேர்ச்சியா தோல்வியா என்று பார்ப்பார்கள். கேயாஸ் சோதனை அறிவியல் பரிசோதனையைப் போன்றது. முழு அமைப்பும் நலமாக இருக்கிறதா என்பதற்கு ஓர் அளவை வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் தொந்தரவு கொடுத்து, அந்த அளவு அசைகிறதா என்று பார்க்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்ட அளவு, ஒரு விநாடியில் எத்தனை படங்கள் ஓடத் தொடங்குகின்றன என்பது.

இந்த வேறுபாடு எங்கே கைகொடுக்கிறது? பாதியில் நிறுத்திய படத்தை விட்ட இடத்திலிருந்து காட்டும் சேவையை எடுத்துக்கொள்ளலாம். அது பிழை தந்தால், படம் முதலிலிருந்து ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. சோதனையில் பிழையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். படம் முதலிலிருந்து ஓடுகிறது. தேர்ச்சி.

நிஜத்தில் அந்தச் சேவை சாகாமல் மந்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அழைக்கும் சர்வருக்கு விநாடிக்கு 1,000 கோரிக்கைகள் வருகின்றன. ஒரே நேரத்தில் 200-ஐக் கையில் வைத்திருக்க அதனால் முடியும். பதில் 50 மில்லி விநாடியில் வந்தால், எந்தக் கணத்திலும் அதன் கையில் இருப்பவை 50 தான். பதில் வர ஒரு விநாடி ஆனால் 1,000 கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 200-க்கு மேல் இடமில்லை. மீதி வரிசையில் தேங்குகின்றன. காத்திருப்பின் எல்லையை இரண்டு விநாடி என்று வைத்திருந்தால், பிழை என்ற ஒன்றே எழுவதில்லை. மாற்று ஏற்பாடும் விழித்துக்கொள்வதில்லை. படம் பார்க்கவே தேவையில்லாத ஒரு சேவையால் எந்தப் படமும் ஓடாமல் போகிறது. எல்லாச் சோதனைகளும் தேறிய பிறகு நடக்கும் இது, வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்க்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

உண்மையான பயனாளர்கள் மீது இதைச் செய்வதற்கு வரம்பு வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் பின்னர் உருவாக்கிய கருவி, சந்தாதாரர்களில் மிகச் சிறிய இரண்டு சம பங்குகளைப் பிரித்தெடுக்கும். ஒரு பங்குக்கு மட்டும் கோளாறு கொடுக்கப்படும், மற்றது ஒப்பீட்டுக்கு. இரண்டிலும் படம் ஓடத் தொடங்கும் எண்ணிக்கை அளவுக்கு மீறி விலகினால் பரிசோதனை தானே நின்றுவிடும். உடையும் என்று ஏற்கெனவே தெரிந்த இடத்தில் இதைச் செய்வதில் பயனில்லை. அங்கே முதலில் பழுதுபார்க்க வேண்டும்.

2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கான அமேசான் மையங்களில், வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சேவை பழுதானது. நெட்ஃபிளிக்ஸ் பார்க்க உட்கார்ந்த பலருக்குப் பல மணி நேரம் படம் வரவில்லை. ஒரு சர்வரை அணைத்துப் பழகியவர்களுக்கு, ஒரு வட்டாரமே படுத்தால் என்ன செய்வது என்ற பழக்கம் இல்லை. பிறகு ‘கேயாஸ் காங்’ வந்தது. ஒரு வட்டாரம் முழுவதும் போய்விட்டதாகக் கொண்டு, அதன் பயனாளர்களை வேறு வட்டாரங்களுக்குத் திருப்பிவிடும் ஒத்திகை அது. 2015 செப்டம்பர் 20 அன்று அதே கிழக்கு வட்டாரத்தில் அமேசானின் தரவுத்தளச் சேவை தடுமாறி, அதை நம்பியிருந்த பல சேவைகளும் சேர்ந்து விழுந்தன. நெட்ஃபிளிக்ஸில் சிறிது நேரம் தடங்கல் தெரிந்தது. பொறியாளர்கள் ஒத்திகையில் செய்ததைப் போலவே பயனாளர்களை மற்ற வட்டாரங்களுக்குத் திருப்பினார்கள். படங்கள் தொடர்ந்து ஓடின.