குடத்துக்குள் ஓர் எதிரொலி

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிப் பேசிக்கொண்டிருப்பார் எங்கள் ஆச்சி. தண்ணீர் வாய் விளிம்புக்கு வரும் நேரத்தில் சரியாகக் கை நீண்டு குழாயை மூடிவிடும். ஒரு சொட்டு வீணாகாது. எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "சத்தம் மேல ஏறிருச்சுல்ல, அப்ப நிறைஞ்சிருச்சு" என்றார்.

முதலில் 'குபுகுபு'வென்று கனமாகக் கேட்கும் சத்தம், குடம் நிரம்ப நிரம்ப மெலிந்து கீச்சுக்குரலாகிறது. ஆச்சி 'மேல ஏறிருச்சு' என்று சொன்னதைத்தான் இயற்பியல் புத்தகம் அதிர்வெண் கூடிவிட்டது என்று சொல்கிறது. ஏன் கூடியது என்று தேடினால், புத்தகம் எதிரொலியை ஒரு வகுப்பிலும் ஒத்ததிர்வை இன்னொரு வகுப்பிலும் வைத்திருக்கும். மாணவர்களும் இரண்டையும் தொடர்பில்லாத இரண்டு பாடங்களாகவே படிக்கிறார்கள். எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு. குடத்துக்குள் நடப்பதைப் பொறுமையாகப் பார்த்தால், ஒத்ததிர்வு என்பது சரியான நேரத்துக்கு வந்து சேரும் எதிரொலிதான்.

ஆய்வகத்தில் உள்ள இசைக்கவையிலிருந்து தொடங்கலாம். இரண்டு கிளைகள் உள்ள எஃகுக் கவை அது. அடியில் 512 என்று பொறித்திருக்கும். ரப்பர் கட்டையில் தட்டிவிட்டுக் காதருகே கொண்டுபோனால் ஒரே சீரான சுருதி கேட்கும். கிளைகள் அசைவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவற்றின் நுனியை டம்ளர் தண்ணீரில் மெல்லத் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் சிதறி முகத்தில் தெறிக்கும். ஒரு நொடிக்குள் அந்தக் கிளை 512 முறை போய்த் திரும்புகிறது. அந்த எண்ணிக்கைதான் அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். எண் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும்.

கிளை வெளியே வரும்போது பக்கத்துக் காற்றை நெருக்குகிறது, உள்ளே போகும்போது நெகிழவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள் ஒரு தள்ளு தள்ளினால் அது ஒவ்வொருவர் முதுகாகக் கடந்து முன்னால் நிற்பவரை எட்டிவிடும். ஆனால் கடைசி ஆள் கடைசியிலேயேதான் நிற்பார். காற்றும் அப்படித்தான். இருந்த இடத்திலேயே அது முன்னும் பின்னும் அசைய, நெருக்கமும் நெகிழ்வும் மட்டும் அடுத்தடுத்துப் பயணம் போகின்றன. ஒரு நெருக்கத்துக்கும் அடுத்த நெருக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் அலைநீளம். நொடிக்கு 512 நெருக்கங்கள் கிளம்பினால், ஒரு நொடியில் ஒலி போன தூரத்துக்குள் 512 அலைநீளங்கள் அடங்கியிருக்கும். அதனால்தான் அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் ஒலியின் வேகம் கிடைக்கிறது.

அந்த வேகத்தை நாமே அளக்க முடியும். ஒரு பெரிய சுவரும் கைக்கடிகாரமும் போதும்.

பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மாடிக் கட்டடம் இருந்தால், அதன் சுவரிலிருந்து 60 மீட்டரை நாடா வைத்து அளந்து அங்கே நில்லுங்கள். மற்ற பக்கங்களில் வேறு கட்டடம் இல்லாமல் இருப்பது நல்லது, இல்லையென்றால் இரண்டு மூன்று எதிரொலிகள் கலந்து குழப்பும். ஒருமுறை கைதட்டினால் சற்றுப் பொறுத்துச் சுவர் திருப்பித் தட்டும். ஒரு சத்தத்தின் பதிவு நம் காதில் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தங்குகிறது. அதற்குள் திரும்பி வரும் ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. அந்த நேரத்தில் ஒலி சுமார் 35 மீட்டர் போய்விடும். போகவர அந்தத் தூரம் என்றால் சுவர் 17 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால்தான் எதிரொலி தனியாகக் கேட்கும். நம் சுவர் 60 மீட்டரில் இருப்பதால் கவலையில்லை.

ஆனால் ஒரே ஒரு எதிரொலியைக் கடிகாரத்தில் பிடிக்க முடியாது, விரல் அவ்வளவு வேகமாக ஓடாது. அதற்கு ஒரு வழி உண்டு. தாளம் போடுவதுபோலச் சீராகத் தட்டுங்கள். இரண்டு தட்டுகளுக்குச் சரியாக நடுவில் எதிரொலி விழும்படி வேகத்தைச் சரிசெய்யுங்கள். தட்டு, எதிரொலி, தட்டு, எதிரொலி என்று நடை கூடிவந்ததும், நண்பர் ஒருவர் கடிகாரத்தோடு எண்ணட்டும். முதல் தட்டுக்குப் 'பூஜ்யம்' என்று தொடங்கி இருபது வரை எண்ண வேண்டும். 13.8 நொடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடைவெளி 0.69 நொடி, அதில் பாதி 0.345 நொடி. அந்த நேரத்தில் ஒலி சுவருக்குப் போய்த் திரும்பி 120 மீட்டர் கடந்திருக்கிறது. வகுத்தால் நொடிக்கு 348 மீட்டர்.

விடை 366-க்குப் பக்கத்தில் வந்தால் ஒலியில் தவறில்லை, எண்ணியதில்தான் தவறு. முதல் தட்டை 'ஒன்று' என்று எண்ணியிருப்பீர்கள். இருபது தட்டுகளுக்கு நடுவே பத்தொன்பது இடைவெளிகள்தானே உண்டு! நியூட்டனும் கேம்பிரிட்ஜில் தம் கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில், ஊசலை ஆடவிட்டு எதிரொலியோடு ஒப்பிட்டுத்தான் ஒலியின் வேகத்தை அளந்தார்.

இப்போது சுவரை 60 மீட்டரிலிருந்து 17 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருவோம்.

ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பக் கருவி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உட்புறம் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள பிவிசி குழாய் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கும், தண்ணீர் நிறைந்த ஆழமான டிரம்மும் போதும். வாளி சரிப்படாது, குழாயை வேண்டிய அளவு அமிழ்த்த ஆழம் இருக்காது. குழாயை முழுக்க அமிழ்த்தி, வாய் மட்டும் மேலே தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தட்டிய இசைக்கவையை வாய்க்கு நேர் மேலே, குழாயில் படாமல் பிடித்தபடி, குழாயையும் கவையையும் சேர்த்து மெதுவாக உயர்த்துங்கள். உள்ளே காற்றுத் தம்பம் நீண்டுகொண்டே வரும். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. திடீரென ஓரிடத்தில் யாரோ ஒலிபெருக்கியைத் திருகியதுபோல் குழாயே பாட ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் அடங்கிவிடும். ஏற்றியும் இறக்கியும் பார்த்து, உச்சமாகக் கேட்கும் இடத்தில் காற்றுத் தம்பத்தின் நீளத்தை அளந்தால் சுமார் 15.8 சென்டிமீட்டர் வரும்.

அங்கே என்ன நடக்கிறது? கவையின் கிளை கீழே வரும்போது ஒரு நெருக்கம் குழாய்க்குள் இறங்குகிறது. தண்ணீர்ப் பரப்புதான் அதற்குச் சுவர். அங்கே மோதி, நெருக்கமாகவே மேலே திரும்புகிறது. திறந்த வாய்க்கு வந்ததும் ஒரு மாற்றம் நேர்கிறது. அங்கே காற்றைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் நெருக்கம் வெளியே சிதறிவிடுகிறது. கூட்டம் கலைந்த இடம் வெறிச்சோடுவதுபோல, அதன் பின்னால் ஒரு நெகிழ்வு குழாய்க்குள் இறங்கத் தொடங்குகிறது. சரியாக அதே கணத்தில் கிளையும் மேல்நோக்கிப் போய்த் தன் பங்குக்கு ஒரு நெகிழ்வை உண்டாக்கினால், இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் நொடியில் தள்ளுவதுபோல்தான். நேரம் பார்த்துத் தள்ளினால் விரல் நுனியே போதும், ஊஞ்சல் மேலே மேலே போகும். நேரம் தப்பினால் நாமே அதைத் தடுத்துவிடுவோம்.

கிளை கீழிருந்து மேலே போக அரை அதிர்வு ஆகும், அதாவது நொடியில் 1024-இல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எதிரொலி போய்த் திரும்ப வேண்டும். அரை அதிர்வில் ஒலி போகும் தூரம் அரை அலைநீளம். போகவர அரை அலைநீளம் என்றால் குழாயின் நீளம் கால் அலைநீளம். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தக் 'கால்' இங்கிருந்துதான் வருகிறது. கிளை இன்னும் ஒரு முழு அதிர்வு ஆடி முடித்தபின் எதிரொலி வந்தாலும் பொருந்தும். அப்போது நீளம் முக்கால் அலைநீளம். குழாயை மேலும் உயர்த்திப் பாருங்கள், 49.9 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் மறுபடியும் பாடும்.

கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 15.8-ஐக் கால் அலைநீளமாக எடுத்து நான்கால் பெருக்கி, 512-ஆலும் பெருக்கினால் வேகம் 324 மீட்டர்தான் வரும். மைதானத்தில் கிடைத்ததைவிட 24 குறைவு. அளவுகோலைக் குறை சொல்ல வேண்டாம். அலை குழாயின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை, வாய்க்கு வெளியே சற்று நீண்டபிறகே திரும்புகிறது. குழாயின் விட்டத்தில் சுமார் பத்தில் மூன்று பங்கு அது, நம் குழாய்க்கு 1.2 சென்டிமீட்டர். முனைத் திருத்தம் என்பது இதுதான். அதைத் தனியாக அளக்காமலே தப்பிக்கலாம். இரண்டு நீளங்களிலும் அதே பிழை இருப்பதால், 49.9-இலிருந்து 15.8-ஐக் கழித்தால் அது தானாக அடிபட்டுப் போகும். மிச்சம் 34.1 சென்டிமீட்டர், அரை அலைநீளம். முழு அலைநீளம் 0.682 மீட்டர். 512-ஆல் பெருக்கினால் 349. சுவரும் குழாயும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

ஆச்சியின் குடம் இந்தக் குழாய்போல் நேரானது அல்ல, வயிறு பெருத்து கழுத்து சிறுத்தது. ஆகவே கால் அலைநீளக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. அங்கே கழுத்தில் உள்ள காற்று மேலும் கீழும் ஆட, வயிற்றில் உள்ள காற்று சுருள்வில்போல் அதைத் தாங்குகிறது. தண்ணீர் ஏற ஏற அந்த வில் குறுகி விறைப்பாகிறது, ஆட்டம் வேகமாகிறது. விழும் தண்ணீரின் இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. குடம் தன் இயல்பு அதிர்வெண்ணுக்கு ஒத்ததை மட்டும் பொறுக்கிப் பெருக்கிக் கொடுக்கிறது. நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் ஜன்னல் கண்ணாடி 'டகடக'வென்று அடித்து, வண்டி வேகமெடுத்ததும் அடங்குவதும் இதே கதைதான். எஞ்சினின் நடுக்கம் கண்ணாடியின் இயல்பு அதிர்வெண்ணைத் தாண்டிப் போய்விட்டது.

இந்த அளவுகளெல்லாம் 30 டிகிரி வெயிலுக்குரியவை. ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். மார்கழிக் காலையில், 22 டிகிரியில் அதே குழாயை அதே டிரம்மில் இறக்கிப் பாருங்கள். கவை மாறவில்லை, 512-தான். ஆனால் இரண்டு இடங்களுக்கும் நடுவே 34.1 சென்டிமீட்டர் இருந்த தூரம் 33.6 ஆகச் சுருங்கியிருக்கும்.