ரெப்போ குறைந்தால் உங்கள் தவணை எவ்வளவு குறையும்?

2025 ஜூன் 6 காலை 10 மணிக்கு ரிசர்வ் வங்கி கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா ரெப்போ விகிதத்தை 6 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். பலரும் எதிர்பார்த்தது கால் சதவீதம். கிடைத்தது அரை சதவீதம். கடன் வாங்கக் காத்திருந்த சிறுதொழில்காரர்கள் பலருக்கு அன்று ஒரு கேள்வி எழுந்திருக்கும்: இப்போதே வாங்கிவிடலாமா, இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் இதைவிடக் குறையுமா?

அதற்கான பதில் அதே அறிக்கையில் இருந்தது. ஆனால் செய்திகள் தலைப்பில் சொன்ன வரியில் அது இல்லை.

முதலில் ரெப்போ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வங்கிகளுக்குக் குறுகிய காலப் பணத் தேவை வரும்போது, அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் பணம் வாங்குகின்றன. அதற்கான வட்டிதான் ரெப்போ. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு கூடி, வாக்களித்து அதை முடிவு செய்கிறது. மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவரை மத்திய அரசு வெளியிலிருந்து நியமிக்கிறது. சில்லறைப் பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், 2-க்குக் கீழோ 6-க்கு மேலோ போய்விடக் கூடாது என்பது இந்தக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த வேலைக்கான கருவி. தொழில்காரர்களின் கடன் சுமையைக் குறைப்பது அதன் நேரடி நோக்கம் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அறிக்கையைப் படிப்பது எளிதாகிவிடும்.

படிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, குழுவின் ‘நிலைப்பாடு’. 2025 ஏப்ரலில் ‘தளர்வான’ நிலைப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் அடுத்த கூட்டங்களில் வட்டி குறையலாம் அல்லது அப்படியே இருக்கலாம், கூட்டும் எண்ணம் இல்லை என்று பொருள். ஜூனில் அரை சதவீதம் குறைத்த கையோடு அதை ‘நடுநிலை’ என்று மாற்றினார்கள். பிப்ரவரியிலிருந்து மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தாயிற்று, இனி வளர்ச்சிக்குக் கைகொடுக்க வட்டிக் கொள்கையில் மிகக் குறைந்த இடமே மிச்சம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். மேலும் குறையும் என்று காத்திருந்தவர் அன்றே கவனித்திருக்க வேண்டிய வரி இது.

இன்னொன்று, வரப்போகும் காலாண்டுகளுக்கான பணவீக்க மதிப்பீடு. போன மாதப் பணவீக்கத்தைப் பார்த்து மட்டும் குழு வட்டியை நிர்ணயிப்பதில்லை. இன்று மாற்றும் வட்டி பொருளாதாரத்தில் வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும் என்பதால் ஓராண்டு தள்ளியே பார்க்கிறது. அந்த ஜூன் அறிக்கையில் 2025-26-ன் முதல் காலாண்டுக்கு 2.9 சதவீதம், இரண்டாவதற்கு 3.4, மூன்றாவதற்கு 3.9, நான்காவதற்கு 4.4 என்று ஏறுவரிசையில் மதிப்பிட்டிருந்தார்கள். ஆண்டு முடிவில் பணவீக்கம் 4-ஐத் தாண்டும் என்று தாங்களே எழுதிவிட்டு மேலும் மேலும் வட்டியைக் குறைக்க முடியாது. நிலைப்பாடு ஏன் மாறியது என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும்.

பிறகு நடந்தது என்ன? ஆகஸ்டிலும் அக்டோபரிலும் வட்டியைத் தொடவில்லை. ஆனால் காய்கறி, பருப்பு விலைகள் சரிந்ததால் பணவீக்கம் மதிப்பீட்டைவிட வெகுவாகக் கீழே போய், அக்டோபரில் 0.25 சதவீதத்துக்கு வந்தது. ஜூனில் 3.7 என்று சொன்ன முழு ஆண்டு மதிப்பீடு ஆகஸ்டில் 3.1, அக்டோபரில் 2.6, டிசம்பரில் 2.0 என்று இறங்கிக்கொண்டே வந்தது. அக்டோபர் கூட்டத்தில் வட்டியை மாற்ற வேண்டாம் என்று எல்லோரும் வாக்களித்தாலும், நிலைப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று வெளி உறுப்பினர்கள் இருவர் கேட்டார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி கால் சதவீதம் குறைத்து ரெப்போ 5.25 ஆனது. ஆக, நிலைப்பாடு என்பது வாக்குறுதி அல்ல. அன்றைய கணிப்பு சரியாக இருந்தால் இப்படி நடப்போம் என்று சொல்வது, அவ்வளவுதான். கணிப்பு மாறினால் முடிவும் மாறும். அதனால் ஒரே ஓர் அறிக்கையைப் படிப்பதைவிட, அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் மதிப்பீடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிடுவதே பயன் தரும்.

இனி கடனுக்கு வருவோம். திருப்பூரில் பனியன் துணிக்குக் கூலிக்கு பிரிண்டிங் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை வைத்துக்கொள்வோம். புது மெஷினுக்கு 20 லட்சம் ரூபாய், ஐந்தாண்டுக் கடன் தேவை. 2019 அக்டோபர் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு வணிக வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொண்டது ரெப்போவைத்தான். ஆகவே வட்டி என்பது ரெப்போவும் அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதமும் சேர்ந்தது. ‘ஸ்ப்ரெட்’ என்று வங்கியில் சொல்வார்கள்.

மே மாதத்தில் இந்தப் பட்டறைக்கு ரெப்போ 6, ஸ்ப்ரெட் 4, ஆக 10 சதவீதம் என்று வங்கி சொல்லியிருந்தால் மாதத் தவணை 42,494 ரூபாய். ஜூன் குறைப்புக்குப் பின் 9.5 சதவீதம், தவணை 42,004 ரூபாய். நாடே பேசிய அரை சதவீதக் குறைப்பு இவருக்கு மிச்சப்படுத்துவது மாதம் 490 ரூபாய். டிசம்பரில் குறைந்த கால் சதவீதத்தின் பலன் ஏறத்தாழ 245 ரூபாய். மெஷின் இல்லாமல் ஆறு மாதம் ஆர்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் போகும் கூலி இதைவிடப் பல மடங்கு.

அதைவிட முக்கியமான செய்தி: அந்தக் கால் சதவீதத்துக்காக அவர் காத்திருக்கவே தேவையில்லை. ரெப்போவோடு இணைந்த கடன் என்றால், வாங்கியபின் ரெப்போ குறைந்தாலும் பலன் அவருக்கும் வரும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி வட்டியைப் புதுப்பித்தாக வேண்டும். காத்திருப்பதில் பொருள் இருப்பது, காலம் முழுவதும் மாறாத நிலை வட்டியில் கடன் வாங்குகிறவருக்குத்தான்.

உண்மையான பேரம் ஸ்ப்ரெட்டில் இருக்கிறது. ரெப்போவில் வங்கி மேலாளர் எதுவும் செய்ய முடியாது. ஸ்ப்ரெட்டை வைப்பது வங்கி. ரெப்போ குறைந்த மாதத்தில் புதிய கடன்களுக்கான ஸ்ப்ரெட்டைக் கூட்டி, பழைய வட்டியையே ஒரு வங்கி கேட்கலாம். விதியில் அதற்குத் தடையில்லை. ஒரு வங்கி 4 என்றும் இன்னொன்று 5 என்றும் சொன்னால், ஜூன் விகிதத்தில் தவணை 42,004-க்கும் 42,988-க்கும் உள்ள வேறுபாடு, அதாவது ஐந்தாண்டில் ஏறக்குறைய 59,000 ரூபாய். கடன் கையெழுத்தான பிறகு பழைய வாடிக்கையாளரின் ஸ்ப்ரெட்டை வங்கி நினைத்தபடி ஏற்ற முடியாது. அதில் கடன் அபாயத்துக்காக வைக்கும் பகுதியை, வாங்கியவரின் கடன் மதிப்பீடு கணிசமாக மாறினால் மட்டுமே மாற்றலாம். ஆகவே முதல் நாள் ஒப்புக்கொள்ளும் ஸ்ப்ரெட் பல ஆண்டுகள் கூடவே வரும். ஜிஎஸ்டி தாக்கல், வங்கிக் கணக்கின் வரவு செலவு, கடன் மதிப்பெண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு குறைந்தது இரண்டு வங்கிகளில் ஸ்ப்ரெட்டைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். சிறு நிறுவனம் என்று வங்கி கணக்கில் எடுத்துக்கொள்வது அதை வைத்துத்தான்.

வங்கி சாராத நிதி நிறுவனங்களுக்கு இந்த வெளி அளவுகோல் விதி கிடையாது. அங்கே ரெப்போ குறைந்தாலும் வட்டி குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. ‘8 சதவீதம்தான்’ என்று சொல்லும்போது அது குறையும் நிலுவைக்கா, முழு அசலுக்கா என்று கேட்டுவிடுங்கள். முழு அசலுக்கும் ஐந்தாண்டும் 8 சதவீதம் என்றால் 20 லட்சத்துக்கு வட்டி 8 லட்சம், தவணை 46,667 ரூபாய். வங்கிக் கணக்குப்படி அது 14 சதவீதத்துக்கும் சற்று மேல். 2024 அக்டோபர் 1 முதல் சிறு தொழில்களுக்கான புதிய தவணைக் கடன் எதுவானாலும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை, ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும். ஒப்பிட வேண்டியது அந்தத் தாளில் உள்ள விகிதத்தை.

மாறும் வட்டியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 மே 4-ஆம் தேதி, முன்கூட்டி அறிவித்த கூட்டம் எதுவும் இல்லாத நாளில் ரிசர்வ் வங்கி திடீரென்று ரெப்போவை 4-லிருந்து 4.40 ஆக்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் அது 6.50. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீத ஏற்றம். நம் பட்டறைக்காரரின் 9.5 சதவீதம் அப்படி 12 ஆனால் தவணை 44,489 ரூபாய், மாதம் 2,485 கூடுதல். சில வங்கிகள் தவணையை அப்படியே வைத்து மாதங்களை நீட்டும். அப்போது சுமை கண்ணில் படாது, ஆனால் மொத்த வட்டி ஏறும். மெஷின் தரும் மாத வருமானம் 44,489-ஐத் தாங்குமா என்பதுதான் கையெழுத்துக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

பணவீக்கம் குறைந்தது கடன்காரருக்கு நல்லது என்று பொதுவாக நினைக்கிறோம். 2025-ல் நடந்தது அவ்வளவு எளிதல்ல. அப்போதைய விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கு 46 சதவீத அளவு எடை இருந்தது. தக்காளியும் பருப்பும் மலிந்தால் பணவீக்கம் இறங்கும். ஆனால் பிரிண்டிங் மையும் மின் கட்டணமும் ஆள் கூலியும் தக்காளியோடு சேர்ந்து இறங்குவதில்லை. இன்னொரு பக்கம், பொதுவாக விலை ஏறாத காலத்தில் ஒரு மீட்டருக்கு வாங்கும் கூலியை உயர்த்திக் கேட்பதும் கடினம். 9.5 சதவீத வட்டி கட்டுகிறவருக்கு கூலி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் சுமை தேயும். ஏறவே இல்லையென்றால் அதே வட்டி முழுக் கனத்தோடு நிற்கும். நாட்டின் பணவீக்கத்தைப் படித்த கையோடு, கடந்த இரண்டு ஆண்டில் உங்கள் சரக்கு விலை, கூலி, விற்ற விலை மூன்றும் எவ்வளவு மாறின என்று சொந்தப் பில்களிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு புதிய விதி. 2026 ஜனவரி 1 அல்லது அதற்குப்பின் ஒப்புதலான அல்லது புதுப்பிக்கப்பட்ட மாறும் வட்டித் தொழில் கடனை, தனிநபரோ குறு, சிறு நிறுவனமோ முன்கூட்டியே அடைத்தால், வணிக வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் 50 லட்சம் வரையிலான கடனுக்கு இது பொருந்தும். ஸ்ப்ரெட் அதிகம் என்று பின்னால் தெரிந்தாலும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணத்தையும் அடமானப் பதிவுச் செலவையும் மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.