கிரயான் போகணும், பெயின்ட் போகக் கூடாது

வாடகை வீட்டைக் காலி செய்யும் வாரத்தில்தான் பல குடும்பங்களின் கண்ணில் சுவரே படுகிறது. தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரம் வரை, குழந்தையின் கை எட்டிய இடமெல்லாம் கோடுகள். ஹாலில் சிவப்பு கிரயானில் ஒரு சூரியன், படுக்கையறையில் பென்சிலில் ஒரு ரயில், கதவோரம் யாருக்கும் புரியாத வட்டங்கள். அட்வான்ஸில் பெயின்ட் செலவைக் கழித்துவிடுவார்களே என்ற கவலையில் வீட்டில் ஒருவர் சோப்புத்தூளும் பாத்திர நாருமாகக் களத்தில் இறங்குகிறார். கால் மணி நேரத்தில் கோடு மங்கிவிடும். கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சுவரின் நிறமும் வெளுத்திருக்கும். முன்பு அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரிந்த குறை, இப்போது வாசலில் நின்றாலே தெரிகிறது.

எதை வைத்துத் தேய்ப்பது என்று வீட்டுக்காரர்கள் யோசிக்கிறார்கள். அனுபவமுள்ள பெயின்டரோ சுவரில் என்ன பெயின்ட் அடித்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். ஒரே கறையை ஒரே துணியால் துடைத்தாலும், ஒரு சுவர் தாங்கும், பக்கத்துச் சுவர் உதிரும்.

சுவரைச் சோதித்துப் பாருங்கள்

எந்தப் பெயின்டிலும் நிறப்பொடி ஒன்று உண்டு, அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்து வைக்கும் பசை ஒன்று உண்டு. டிஸ்டெம்பரில் சுண்ணப்பொடி அதிகம், பசை குறைவு. அதனால் விலையும் குறைவு, தண்ணீரைத் தாங்கும் சக்தியும் குறைவு. எமல்ஷனில் அக்ரிலிக் பசை கூடுதல். காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்போல் சுவரில் படிந்துவிடும். கதவு, ஜன்னல்களுக்கு அடிக்கும் இனாமல் இரண்டையும்விடக் கடினமானது.

வீட்டில் இருப்பது எது என்று அறிய, பீரோவுக்குப் பின்னாலோ கதவு மறைக்கும் மூலையிலோ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் காய்ந்த விரலால் தடவ வேண்டும். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது வெள்ளையடித்த சுவர், அல்லது பழைய டிஸ்டெம்பர். பொடி ஒட்டாவிட்டால், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதே இடத்தில் பத்து முறை மென்மையாகத் தேய்க்க வேண்டும். துணியில் சுவரின் நிறம் ஏறினால் டிஸ்டெம்பர். துணி சுத்தமாகவே இருந்தால் எமல்ஷன் என்று நம்பி வேலையைத் தொடங்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. புதிதாக அடித்த எமல்ஷன் சில மணி நேரத்தில் காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும், துடைப்பைத் தாங்கும் உறுதி வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் விழுந்த கிறுக்கலை அப்படியே விட்டுவைத்து, பிறகு துடைப்பது நல்லது.

பென்சிலுக்குத் தண்ணீர் ஆகாது

பென்சில் கோட்டைக் கண்டதும் ஈரத்துணியை எடுப்பதுதான் பலருடைய வழக்கம். பென்சிலின் ஊசி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராஃபைட் மெல்லிய தகடுகளாகப் பெயர்ந்து, சுவரின் சொரசொரப்பில் தங்கி நிற்கிறது, சுவருக்குள் ஊறுவதில்லை. ஈரத்துணி அந்தத் தகடுகளை எடுக்காது, இழுத்துப் பரப்பும். மெல்லிய கோடு அகலமான சாம்பல் தீற்றலாகிவிடும்.

இங்கே கைகொடுப்பது பள்ளிக்கூட டப்பாவில் கிடக்கும் மென்மையான வெள்ளை ரப்பர்தான். பென்சிலின் முனையில் வரும் கெட்டியான ரப்பரையும் பேனா மை அழிக்கும் ரப்பரையும் தவிர்க்க வேண்டும். அவை சுவரைச் சுரண்டும். வெள்ளை ரப்பரை முதலில் ஒரு தாளில் தேய்த்துச் சுத்தமாக்கிக்கொண்டு, கோட்டின் மேல் ஒரே திசையில், சிறு சிறு இழுப்பாக அழிக்க வேண்டும். ரப்பர் கறுத்ததும் மறுபடி தாளில் தேய்க்க வேண்டும். உதிரும் துகளைக் கையால் தட்டாமல் காய்ந்த தூரிகையால் தள்ளிவிட வேண்டும். எமல்ஷன் சுவரில் இதற்குப் பிறகும் நிழல் தெரிந்தால், அப்போது ஈரத்துணியால் ஒற்றலாம்.

டிஸ்டெம்பர் சுவருக்கு ரப்பரைவிட மென்மையான பொருள் ஒன்று உண்டு: ரொட்டி. 1770 வாக்கில் இங்கிலாந்தில் ரப்பர் அழிப்பான் விற்பனைக்கு வருவதற்கு முன், பென்சில் கோட்டை ரொட்டித் துணுக்கால்தான் அழித்தார்கள். வெள்ளை ரொட்டியின் ஓரத்தை நீக்கிவிட்டு, நடுப்பகுதியைப் பிசைந்து உருட்டிச் சுவரில் மெல்ல உருட்டினால் கிராஃபைட் அதில் ஒட்டிக்கொண்டு வரும். வெண்ணெய் சேர்த்த ரொட்டி வேண்டாம். எண்ணெய்த் தடம் விழும். வேலை முடிந்ததும் துணுக்குகளைப் பெருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வரும்.

குழந்தை அழுத்தி எழுதியிருந்தால் கோடு வெறும் கோடாக இருக்காது, சுவரில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் அடியில் இருக்கும் கருமை ரப்பருக்கு எட்டாது. அதை எட்ட முயன்றால் இரு கரையிலும் உள்ள பெயின்ட்தான் தேயும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கலர் பென்சில் கோட்டையும் இந்த வழியில் அழிக்க முடியாது. அதில் மெழுகு உண்டு, அதனால் கிரயானோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கிரயான்: முதலில் மெழுகு, பிறகு நிறம்

கிரயானில் பெரும்பகுதி பாரஃபின் மெழுகு, மீதி நிறப்பொடி. மெழுகு தண்ணீரை ஏற்காது, ஆகவே வெறும் தண்ணீரால் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. பெட்டியில் ‘வாஷபிள்’ என்று அச்சிட்ட வகை மட்டும் வேறு. அது தண்ணீரில் கரையும்படி செய்யப்பட்டது, வெதுவெதுப்பான ஈரத்துணிக்கே வந்துவிடும்.

ஹாலில் இருக்கும் அந்தச் சிவப்புச் சூரியனையே எடுத்துக்கொள்வோம். வெளிர்மஞ்சள் எமல்ஷன், அடித்து இரண்டு ஆண்டு ஆன சுவர். கோடு தடிமனாக, கையால் தடவினால் மேடு தெரிகிறது. முதல் வேலை, காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பைச் சாய்வாகப் பிடித்து மேட்டை மட்டும் வழிப்பது. கத்தியோ பிளேடோ வேண்டாம்.

அடுத்தது சூடு. பாரஃபின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சில விநாடி காட்டினால் கோடு பளபளக்கத் தொடங்கும். உடனே மடித்த டிஷ்யூ தாளை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் சிவப்பு சுவர் முழுக்கப் பரவும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் தாளின் புதிய பக்கம் வேண்டும். தாளில் நிறம் ஏறுவது நின்றதும் சூட்டையும் நிறுத்திவிட வேண்டும். அளவு மீறினால் பெயின்ட் படலமே இளகும்.

இப்போது வெளிர்சிவப்பு நிழல் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறு வட்டமாகத் துடைக்க வேண்டும். மெழுகுத் துகளைத் தண்ணீரோடு சேர்த்து எடுத்துவருவது சோப்பின் வேலை. பலமாக அழுத்த வேண்டியதில்லை. இதற்கும் அசையாத நிழலுக்கு, அதே ஈரத்துணியின் நுனியில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா தொட்டு நான்கைந்து முறை தடவிப் பார்க்கலாம். கடைசியில் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. கறை சுவிட்ச் போர்டை ஒட்டி இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஈரத்துணியைத் தொட வேண்டும்.

இத்தனை படிகளுக்கும் ஒரே காவல், துணி வெள்ளையாக இருப்பதுதான். துணியில் சிவப்பு ஏறும்வரை கிரயான் வருகிறது. மஞ்சள் ஏறத் தொடங்கிவிட்டால் சுவர் வருகிறது. அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும்.

பளபளக்கும் திட்டு

நிறம் போகாமலே சுவர் கெடும் வழியும் ஒன்று உண்டு. ஒளிராத மேட் பெயின்டில் ஒரே இடத்தில் தேய்த்தால், அந்த இடம் வழவழப்பாகி மின்னத் தொடங்கும். நேரே பார்த்தால் தெரியாது. இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் திட்டு தெரியும். ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ என்று விற்கப்படும் வெள்ளைப் பஞ்சு இதில் பேர்போனது. அது மெலமைன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் நுரை. மிக நுண்ணிய உப்புத்தாள்போல் மேற்பரப்பைச் சீவித்தான் கறையை எடுக்கிறது. மினுமினுப்பான எமல்ஷனிலும் இனாமலிலும் நனைத்து, லேசாகப் பயன்படுத்தலாம். மேட் சுவரிலும் டிஸ்டெம்பரிலும் வேண்டாம். பற்பசையும் சுவரைச் சீவுவதுதான்.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர் ஆகியவை கிரயானை மங்கச் செய்யும். அக்ரிலிக் படலத்தையும் சேர்த்து இளக்கும். தேங்காய் எண்ணெய் மெழுகைக் கரைக்கும், ஆனால் டிஸ்டெம்பரில் ஊறி, கிரயானைவிடப் பெரிய கறையாக நிற்கும்.

டிஸ்டெம்பரில் கிரயான் என்றால்

இந்த இணைதான் கடினம். தண்ணீர் ஊற்ற முடியாது, சூடு காட்டினால் உருகிய மெழுகு சுவருக்குள் இறங்கும். கார்டால் மேட்டை வழித்து, வெள்ளை ரப்பரால் மெல்ல ஒற்றி, வந்தவரை எடுக்கலாம். முழுதாகப் போகாது.

அதன் மேல் அப்படியே டிஸ்டெம்பர் அடித்தாலும் தீராது. மெழுகு நீர்ப் பெயின்டைத் தள்ளுவதால் கோட்டின் மேல் பெயின்ட் பிடிக்காமல் விலகும், கறையும் மேலே தெரியும். மெழுகை முடிந்தவரை வழித்து, அந்த இடத்தில் ஆயில் பிரைமர் ஒரு கை அடித்துக் காயவிட்ட பிறகே டிஸ்டெம்பர் அடிக்க வேண்டும். கறை இருந்த இடத்தில் மட்டும் அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடிப்பதே முறை. பழைய வீடுகளில் உப்புத்தாள் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசியில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைகளுக்குக் கேடு.

அடுத்த முறை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, குழந்தையின் கை எட்டும் அறைகளுக்காவது துடைக்கத்தக்க எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் உள்ள நிற எண்ணைக் குறித்துவைத்து, அரை லிட்டர் பெயின்டைக் காற்றுப் புகாமல் மூடி எடுத்துவையுங்கள்.